கிளிக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் விடுங்கள்

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடித்து நான் கண்ணயரப் போகிற நேரத்தில், என் நாத்தனார் மகள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தை, இதைப் பாருங்க. பிரஸ்காரர் நல்லா ஏமாத்திட்டார்."

அவள் வீட்டிலேயே குழந்தைகளுக்குப் பருத்தி ஜப்லா, கவுன் தைத்து விற்கிறாள். இரண்டு தையல் மெஷின், உதவிக்கு ஒரு பெண். அவ்வளவுதான் கம்பெனி. அடையாளச் சின்னம் ஒரு பச்சைக் கிளி. தீபாவளி விற்பனைக்காக மூன்று அயிட்டம் அச்சடிக்கக் கொடுத்திருந்தாள். பாக்கெட்டை மூடி ஒட்டுவதற்கு வட்ட ஸ்டிக்கர் 1000, குழந்தைகளுக்குக் கொசுறாகக் கொடுக்கக் கிளி உருவத்திலேயே வெட்டிய ஸ்டிக்கர் 500, உடுப்பில் கட்டித் தொங்கவிடும் டேக் 500. எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்.

பெட்டியைத் திறந்தேன். வட்ட ஸ்டிக்கரைச் சுற்றி இருந்த சிவப்பு பார்டர் ஒரு பக்கம் நூல் மாதிரி, மறுபக்கம் கயிறு மாதிரி. கிளிகளில் பாதிக்கு வால் இல்லை. டேக்கில் நீலம் கேட்டால் கத்திரிப்பூ நிறம் வந்திருந்தது. கிளியோ, பச்சைக் கிளியாக இல்லாமல் பாசி படிந்த கிளியாக இருந்தது.

"அவர்கிட்ட போன்ல நல்லா சத்தம் போட்டுட்டேன் அத்தை. பணத்தைத் திருப்பித் தரணும்னு சொல்லிட்டேன்."

இருபது வருஷத்துக்கு மேல் டி.டி.பி. சென்டரிலும் அச்சகத்திலும் லே-அவுட் வேலை பார்த்தவள் நான். அவள் அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்த அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தப்பு பிரஸ்காரர் மேல் இல்லை. அவர் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம், அது வேறு. ஆனால் அவள் வரைந்ததைத்தான் அவர் அச்சடித்திருந்தார். அன்று அவளோடு உட்கார்ந்து சரிசெய்த கதைதான் இந்த வாரம். வீட்டில் மசாலாப் பொடியோ, சோப்போ, மெழுகுவர்த்தியோ செய்து விற்கிறவர்களுக்கும் இதே கதைதான் நடக்கிறது.

கத்தி கொஞ்சம் நகரும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அச்சடிப்பது ஒரு மெஷின், வெட்டுவது இன்னொரு மெஷின். குறைந்த எண்ணிக்கை என்றால் டிஜிட்டல் மெஷினில் அடித்து, அந்தத் தாளைப் பிளாட்டர் என்கிற வெட்டும் மெஷினில் விடுவார்கள். தாளின் மூலைகளில் அச்சாகியிருக்கும் கறுப்புக் குறிகளைப் பிளாட்டரின் கண் படித்து, எங்கே வெட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றால் பிளைவுட் பலகையில் எஃகுத் தகட்டை வளைத்துப் பதித்து டை செய்வார்கள். அதை வைத்து அழுத்தி வெட்டுவார்கள்.

எந்த முறையாக இருந்தாலும் கத்தி நாம் போட்ட கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் இறங்காது. அச்சு மெஷினின் சூட்டில் தாள் துளி சுருங்கும். தாளை வைக்கும்போது இம்மி நகரும். அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இப்படிப் போவது சகஜம். நல்ல பிரஸ்ஸிலும் உண்டு.

இப்போது அவள் வட்டத்தைப் பாருங்கள். 50 மி.மீ. அகல வட்டம். அதன் விளிம்பிலேயே 1 மி.மீ. தடிமனில் சிவப்பு பார்டர். கத்தி 0.7 மி.மீ. வலது பக்கம் நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்க பார்டரில் 0.7 வெட்டுப்பட்டு 0.3 மிஞ்சும். வலது பக்கம் 1.7 ஆகிவிடும். ஒன்றுக்கு ஒன்று ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அதைக் கண் கண்டுபிடிக்காமல் விடுமா?

அதே சிவப்பு வளையத்தை விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால் என்ன ஆகும்? அதே 0.7 நகர்ந்தாலும், விளிம்புக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 4.7 இருக்கும். வளையம் மட்டும் சுற்றிலும் ஒரே தடிமனில் இருக்கும், ஏனென்றால் கத்தி அதைத் தொடவே இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

"அப்போ விளிம்புல பார்டரே வைக்கக் கூடாதா அத்தை?"

"வைக்கலாம். வைச்சா 4 மி.மீ. தடிமனா வை. இல்லேன்னா உள்ளே தள்ளி வை. மெல்லிசா விளிம்புல மட்டும் வைக்காதே."

அவள் வளையத்தை உள்ளே தள்ளினாள். வளையத்துக்கு வெளியே இளம் மஞ்சளை விளிம்பு வரை ஓடவிட்டாள்.

ஒரு ஸ்டிக்கருக்கு மூன்று வட்டம்

விளிம்பு வரை நிறம் ஓட வேண்டுமானால், அது வெட்டுக் கோட்டோடு நின்றுவிடக் கூடாது. நின்றால், கத்தி நகர்ந்த பக்கம் வெள்ளைக் கீற்று தெரியும். அதனால் நிறத்தை வெட்டுக் கோட்டைத் தாண்டி 2 மி.மீ. வெளியே இழுத்துவிட வேண்டும். இதற்குத்தான் ப்ளீட் என்று பெயர். அதேபோல் எழுத்தோ படமோ வெட்டுக் கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே நின்றுவிட வேண்டும். இது பாதுகாப்பு எல்லை.

ஆக ஒரு ஸ்டிக்கருக்கு மூன்று வட்டம் வரைய வேண்டும். வெளியே நிறம் முடியும் வட்டம், நடுவில் கத்தி ஓடும் வட்டம், உள்ளே எழுத்து நிற்கும் வட்டம். அவள் ஃபைலில் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது.

அளவைப் பேசும்போது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. 12×18 அங்குலத் தாளில் ஓரங்களையும் குறிகளையும் விட்டால், பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 280×420 மி.மீ. ஸ்டிக்கர்களுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி வேண்டும். 50 மி.மீ. வட்டம் என்றால் குறுக்கே 5, நெடுக்கே 7, மொத்தம் 35. ஆயிரத்துக்கு 29 தாள் ஆகும். வட்டத்தை 48 மி.மீ. ஆக்கினால் குறுக்கே அதே 5தான், ஆனால் நெடுக்கே 8 உட்காருகிறது. ஒரு தாளில் 40. ஆயிரத்துக்கு 25 தாள் போதும்.

இரண்டு மி.மீ. குறைத்ததில் நாலு தாள் மிச்சம். பாக்கெட்டில் ஒட்டினால் அந்த இரண்டு மி.மீ. குறைந்தது யாருக்கும் தெரியப் போவதில்லை. அளவை முடிவு செய்வதற்கு முன்னால், "உங்க தாள்ல எத்தனை உட்காரும்?" என்று பிரஸ்ஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிரஸ்ஸுக்கு பிரஸ் தாள் அளவு மாறும்.

கிளியின் வால் ஏன் போனது?

அடுத்தது கிளி. இதற்கு வெட்டு வேறு மாதிரி. ஸ்டிக்கர் தாளை மட்டும் வெட்டி, பின்னால் இருக்கும் மெழுகுத் தாளை வெட்டாமல் விடுவதை ஹாஃப் கட் என்பார்கள், சிலர் கிஸ் கட் என்பார்கள். ஒரே தாளில் பல கிளிகள் ஒட்டியபடியே இருக்கும், குழந்தைகள் ஒவ்வொன்றாக உரித்துக்கொள்ளலாம். வெட்டிய பிறகு கிளிகளைச் சுற்றியிருக்கும் கழிவை மொத்தமாக ஒரு வலை மாதிரி உரித்து எடுப்பார்கள். வால் போனது அங்கேதான்.

அவள் வெட்டுக் கோட்டைக் கிளியின் உருவத்தின் மேலேயே போட்டிருந்தாள். வால் நுனி அரை மி.மீ.கூட இல்லை. காலில் மூன்று நகமும் ஊசி ஊசியாக இருந்தன. கழிவை உரிக்கும்போது அந்த மெல்லிய நுனிகளும் அதோடு சேர்ந்து போய்விட்டன. தப்பிப் பிழைத்ததைக் குழந்தை உரித்தாலும் நுனி சுருண்டு கிழியும்.

கிளிக்கு வெளியே 2.5 மி.மீ. வெள்ளை இடம் விட்டு, அதைச் சுற்றி ஒரு மழமழப்பான கோடு போட வேண்டும். கோரல் டிராவில் முழுக் கிளியையும் தேர்ந்தெடுத்து `Boundary` கொடுத்தால் வெளிக்கோடு மட்டும் தனியாகக் கிடைக்கும். அதற்கு `Contour` கருவியில் வெளிப்பக்கமாக 2.5 மி.மீ. கொடுத்து, மூலைகளை உருண்டையாக்கிக்கொள்ளலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இதே வேலைக்கு `Offset Path` இருக்கிறது.

அதோடு வேலை முடியவில்லை. அப்படி வந்த கோட்டை நான் பெரிதாக்கிக் காட்டினேன். வாலுக்கும் காலுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து உள்ளே ஓடியிருந்தது. கத்தி அதற்குள் போய்த் திரும்பும்போது தாள் கிழியும்.

"அந்தச் சந்தை அடைச்சுடு. வெள்ளையாவே இருக்கட்டும்."

"கிளி மாதிரி இருக்குமா அத்தை?"

"அச்சுல கிளி அப்படியேதான் இருக்கும். கத்திதான் கிளியைச் சுத்திப் போகப் போகுது. ஓட்டுநருக்கு வளைவு அகலமா இருந்தா வண்டி சீராப் போகும் இல்லையா, அது மாதிரி."

சந்தை அடைத்தாள். அலகின் முனையில் இருந்த கூர்மையை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டினாள். கோட்டில் தேவையில்லாமல் கொத்துக் கொத்தாக இருந்த புள்ளிகளை அழித்தாள். புள்ளிகள் அதிகம் இருந்தால் கத்தி தயங்கித் தயங்கிப் போய், விளிம்பு ரம்பம் மாதிரி ஆகும்.

கடைசியாக, வெட்டுக் கோட்டைத் தனி லேயரில் வைத்து, தனி நிறம் கொடுத்து, அந்த நிறத்துக்குப் பெயரும் வைக்க வேண்டும். பல பிளாட்டர்களுக்கு `CutContour` என்ற பெயர் இருந்தால்தான் அது வெட்டுக் கோடு என்று புரியும். சில பிரஸ்களில் வேறு பெயர் கேட்பார்கள். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்காமல் சாதாரணக் கறுப்புக் கோடாக அனுப்பினால் அதுவும் படத்தோடு சேர்ந்து அச்சாகிவிடும்.

திரைப் பச்சையும் மைப் பச்சையும்

இப்போது நிறம். அவளுக்கு அதிக வருத்தம் இதில்தான்.

"மொபைல்ல எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க! இதுல பாருங்க, கிளிக்கு ஜுரம் வந்த மாதிரி!"

மொபைல் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு. அச்சில் விளக்கு இல்லை. வெள்ளைத் தாளின் மேல் நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் மை தின்றது போக மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. விளக்கால் காட்ட முடிகிற சில நிறங்களை இந்த நாலு மையால் காட்டவே முடியாது. மின்னுகிற கிளிப் பச்சை, ஆழ்ந்த மின்சார நீலம், ஒளிரும் ஆரஞ்சு, ஃப்ளோரசன்ட் ரோஸ் எல்லாம் இந்த வகை. எந்த பிரஸ்ஸில் கொடுத்தாலும் இதே கதைதான். தனி ஃப்ளோரசன்ட் மை இருக்கிறது, ஆனால் ஆயிரம் ஸ்டிக்கருக்கு அது கட்டுப்படியாகாது.

அவள் ஃபைல் ஆர்ஜிபி முறையில் இருந்தது. பிரஸ் மெஷின் அதைத் தானே நாலு மைக்கு மாற்றிக்கொண்டது. அப்படி மாற்றும்போது பச்சைக்குள் ரோஸ் மையும் கறுப்பும் கொஞ்சம் நுழைந்துவிட்டன. பச்சையில் ரோஸ் கலந்தால் பாசிதான்.

ஆரம்பத்திலேயே ஃபைலை சிஎம்ஒய்கே முறையில் திறந்து, பச்சையை நாமே எண்ணாகக் கொடுத்தோம். `C 70, M 0, Y 100, K 0`. ரோஸும் இல்லை, கறுப்பும் இல்லை. திரையில் பார்த்தால் முன்பைவிட மங்கலாகத் தெரிந்தது, அவள் முகமும் வாடியது. ஆனால் நாலு மையில் கிடைக்கக்கூடிய சுத்தமான பச்சைகளில் இது ஒன்று. அலகுக்கும் வளையத்துக்கும் `C 0, M 100, Y 100, K 0`.

நீலம் கத்திரிப்பூ ஆனதற்கும் காரணம் இதுதான். நீல மையும் ரோஸ் மையும் கிட்டத்தட்டச் சமமாக விழுந்தால், திரையில் நீலமாகத் தெரிந்தாலும் தாளில் ஊதாவாகிவிடும். ரோஸ் எப்போதும் நீலத்தைவிட முப்பது எண்ணாவது குறைவாக இருக்க வேண்டும். நாங்கள் `C 100, M 60, Y 0, K 20` வைத்தோம்.

"பிரவுன் க்ராஃப்ட் அட்டையில டேக் போட்டா அழகா இருக்குமே அத்தை?" என்று நடுவில் ஓர் ஆசை. இருக்கும், கறுப்பு மட்டும் அடித்தால். அச்சு மை ஒளி ஊடுருவக்கூடியது. கீழே இருக்கும் தாளின் நிறமும் அதோடு சேர்ந்துகொள்ளும். காப்பி நிறத் தாளில் நம் பச்சையை அடித்தால் மறுபடியும் பாசிக்கிளிதான். வெள்ளை அட்டையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

காணாமல் போன புள்ளிகள்

ஸ்டிக்கரின் கீழே "தைத்துத் தருபவர்" என்று அரிசி அளவில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி இருந்தது. அச்சில் "தைததுத தருபவர" என்று வந்திருந்தது. நாலு மையும் சேர்ந்த அடர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தை விட்டால், எழுத்து இருக்கும் இடத்தில் எந்த மையும் விழக் கூடாது. நாலில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும். ஆங்கில எழுத்தாவது எப்படியோ தப்பிக்கும். நம் எழுத்தில் புள்ளி போனால் மெய்யே போய்விடும். ணகரத்தின் சுழிகளும் அடைத்துப் போகும்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதி சுலபமானது. சின்ன எழுத்து என்றால் வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. அந்தக் கறுப்பும் ஒரே மையாக இருக்க வேண்டும். `C 0, M 0, Y 0, K 100`. ஒரே மை என்றால் நகர்ந்து பிசிறடிக்க இன்னொரு மை இல்லை. வெள்ளை எழுத்துதான் வேண்டும் என்றால் தடித்த எழுத்துருவில் 9 பாயின்டுக்குக் குறையாமல். புள்ளி தெளிவாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும் எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள்.

டேக்கில் ஓட்டை எங்கே?

டேக்கில் துளை சரியாக "குழந்தை" என்ற சொல்லின் "கு" மேல் விழுந்திருந்தது. டிசைனில் துளைக்கு இடமே விடாததால் பிரஸ்ஸில் மேலே நடுவில் பஞ்ச் பண்ணிவிட்டார்கள்.

டேக் 50×90 மி.மீ. மேல் விளிம்பிலிருந்து 8 மி.மீ. கீழே துளையின் மையம். துளை 4 மி.மீ. அகலம். அப்படியானால் துளைக்கு மேலே 6 மி.மீ. அட்டை மிஞ்சும். கயிற்றைச் சுண்டினாலும் கிழியாது. துளையைச் சுற்றி 5 மி.மீ. வரை எழுத்தோ படமோ வேண்டாம். கணக்குப் பார்த்தால் டேக்கின் மேல் 15 மி.மீ.யில் நிறம் மட்டும்தான் இருக்கலாம்.

டேக்கைச் சுற்றி அவள் வைத்திருந்த 2 மி.மீ. வெள்ளை பார்டரும் கோணிக்கொண்டிருந்தது. டேக்குகளை அடுக்கி வைத்துக் கட்டிங் மெஷினில் ஒரே வெட்டாக வெட்டுவார்கள். கத்தி இறங்கும்போது அடுக்கு கொஞ்சம் சாயும். மேல் டேக்குக்கும் அடி டேக்குக்கும் வித்தியாசம் வரும். போதாக்குறைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அச்சாகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று நகரும். டேக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பார்டரையே எடுத்துவிட்டோம். நீலத்தை எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வெளியே ஓடவிட்டு 56×96 ஆக ஃபைலை வைத்தோம்.

அட்டை 350 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. அடர் நீலம் கையில் உரசி விளிம்பு வெளுக்காமல் இருக்க மேட் லேமினேஷன். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் டேக் படகு மாதிரி வளையும், அதனால் இரண்டு பக்கமும். ஆனால் அதன் மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும், அவளோ விலையையும் அளவையும் கையால் எழுதுகிறவள். அதற்காகப் பின்பக்கம் ஒரு வெளிர்க் கட்டம் விட்டு, அதில் சின்ன வெள்ளை விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது என்று ஏற்பாடு.

அனுப்பும் முன்

அனுப்புவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்தோம். எழுத்துகளை எல்லாம் `Ctrl+Q` கொடுத்து வெறும் கோடாக மாற்றினோம். இதைச் செய்யாவிட்டால், பிரஸ் கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாதபோது கட்டம் கட்டமாக வரும். மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது, அதனால் மாற்றாத ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வீட்டு பிரின்டரில் நிஜ அளவில் எடுத்தோம். பிரின்ட் கொடுக்கும்போது `Actual size` என்று இருக்க வேண்டும், `Fit` என்று இருந்தால் அளவு சுருங்கிவிடும். நிறத்தை இதில் பார்க்காதீர்கள், வீட்டு பிரின்டர் பொய் சொல்லும். அளவை மட்டும் பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டி, பாக்கெட்டில் வைத்தோம். டேக்கை ஒரு ஜப்லாவில் கட்டித் தொங்கவிட்டு, கை எட்டும் தூரத்தில் நின்று படித்துப் பார்த்தோம்.

மறுநாள் காலை அவள் பிரஸ்ஸுக்குப் போனாள். போவதற்கு முன்னால் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். போனில் போட்ட சத்தம் மனசில் இருந்தது போல. போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவரும், "நானும் ஃபைலைப் பாத்ததும் சொல்லியிருக்கணும்மா" என்றாராம். முழு ஆர்டருக்கு முன்னால் மூன்று அயிட்டத்திலும் ஒவ்வொரு தாள் அடித்து வெட்டித் தரச் சொன்னாள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு.

அந்த மாதிரித் தாள்களைச் சாயங்காலம் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். வட்டத்தின் நாலு பக்கமும் மஞ்சள் ஓரத்தை ஸ்கேலால் அளந்தாள். 3.5, 4.5, 4, 4. வெட்டு இந்தத் தடவையும் அரை மி.மீ. நகர்ந்துதான் இருந்தது. அவளுக்கு அளந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு கிளியை மெதுவாக உரித்தாள், வால் வந்தது. ஒரு ஸ்டிக்கரைத் துணிப் பையின் மேல் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுவைத்தோம், ஓரம் எழும்புகிறதா என்று பார்க்க. எழும்பவில்லை. நீலம் நீலமாக இருந்தது.

பச்சை மட்டும் மொபைலில் இருந்த பச்சை இல்லை. அவள் மொபைலைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

"மொபைலை அணைச்சுட்டுப் பாரு" என்றேன்.

அணைத்தாள். தாளில் இருந்த கிளியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவே பச்சையாத்தான் இருக்கு" என்றாள். வாங்குகிறவர்கள் கையில் டேக் மட்டும்தான் இருக்கப் போகிறது.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் சரக்கு வந்தது. இரண்டு தடவை செலவானதில் இந்த வருஷம் அவளுக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. பழைய வட்ட ஸ்டிக்கர்களைத் தூக்கிப் போடவில்லை. பார்சல் பெட்டிகளின் அடிப்பக்கம் டேப்புக்குப் பதில் ஒட்டுகிறாள். வால் போன கிளிகள் முழுக்க எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போய்விட்டன. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் நாலு இருக்கின்றன.